ரீயூனியனில் இரட்டையருக்குப் பெயர் வைப்பது: ஐந்து நாளில் முடிக்க வேண்டிய வேலை

பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் குழந்தை பிறந்தால், பிறந்த நாளைத் தள்ளி ஐந்து நாளுக்குள் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிந்தாக வேண்டும். நம் வழக்கத்தில் பெயர் சூட்டுவது பதினோராம் நாளோ பதினாறாம் நாளோதான். ஒற்றைக் குழந்தை என்றாலே இது நெருக்கடி. இரட்டை என்றால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும்: இரண்டு பெயரும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், ஆனால் ஒருவர் சீட்டு இன்னொருவர் கோப்பில் போய் உட்காரக் கூடாது. புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து புதிதாக இங்கே வந்து இரட்டைக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகள்கள் பிறந்தபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

1. நட்சத்திர எழுத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்

இரட்டையருக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் அமைவதற்கு ஆசை மட்டும் காரணமில்லை, ஜாதகமும் காரணம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். சில நிமிட இடைவெளியில் பிறக்கும் இரண்டு பிள்ளைகளும் அநேகமாக ஒரே பாதத்தில்தான் விழுவார்கள். ஊரில் இருக்கும் ஜோசியருக்குப் போன் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே எழுத்தைத்தான் சொல்வார்.

எங்களுக்கு வந்தது கார்த்திகை இரண்டாம் பாதம், எழுத்து 'இ'. என் மாமியார் உடனே "இனியா, இலக்கியா" என்றார். கேட்க அழகுதான். ஆனால் அதே கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்று நான்கு பாதத்துக்கும் நான்கு எழுத்து உண்டு. பாதத்தை விட்டு நட்சத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இருவருக்கும் வேறு வேறு எழுத்து கிடைத்துவிடும். "நட்சத்திரம் சரியாக இருந்தால் போதுமா, பாதமும் வேண்டுமா?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் பிரசவத்துக்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். "அத்தை, நட்சத்திரம் மாறவில்லையே" என்ற ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டில் விஷயம் முடிந்தது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் இதைப் பேசினால் அப்படி முடியாது.

இரட்டைக்குப் பல சமயம் டாக்டரே முன்கூட்டித் தேதி குறித்துவிடுவார். அப்படிக் குறித்திருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்து அன்றைய நட்சத்திரத்துக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் உரிய எழுத்துகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனால் அடுத்தது உதவும். பஞ்சாங்கம் ஊர் நேரத்தில் இருக்கும், ரீயூனியன் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுங்கள்.

2. முதல் எழுத்து காகிதத்துக்கு, கடைசி அசை வாய்க்கு

இரண்டு பெயர்கள் இரண்டு விதமாகக் குழம்பும். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது காகிதத்தில். இரட்டையருக்குக் குடும்பப் பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, பிறந்த ஊர் ஒன்று, முகவரியும் ஒன்று. ஒரே பாலினமாகவும் இருந்துவிட்டால் செக்யூரிதே சோசியால் என்ற சமூகப் பாதுகாப்பு எண்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த எண்ணின் முதல் இலக்கம் பாலினம், பிறகு ஆண்டு, மாதம், பிறந்த ஊரின் குறியீடு. தலைநகர் சேன் தெனியில் பிறந்தால் 97411. ஆக முதல் பத்து இலக்கம் இருவருக்கும் அச்சு அசலாக அதேதான். அதற்குப் பின்னால் வரும் மூன்று இலக்க வரிசை எண்ணும் சரிபார்ப்பு எண்ணும்தான் வேறு. வரிசை எண்ணும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும், 182, 183 என்கிற மாதிரி. இந்த நிலைமையில் ஒரு குமாஸ்தாவின் கண் பார்ப்பது பெயரை மட்டும்தான். அதிலும் முதல் எழுத்தையும் பெயரின் நீளத்தையும்தான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நிதின், நிவின் என்று இரட்டைப் பையன்கள். ஒருவனுக்கு ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் இன்னொருவன் பெயரில் வந்தது. அந்த அம்மா சரியான நேரத்தில் பார்த்ததால் மருந்து மாறவில்லை. Nitin, Nivin என்று எழுதிப் பாருங்கள். ஐந்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

இரண்டாவது குழப்பம் கூப்பிடும்போது வருவது. நாம் பிள்ளையைத் தூரத்திலிருந்து கூப்பிடும்போது கடைசி அசையைத்தான் இழுக்கிறோம். பிரெஞ்சிலும் அழுத்தம் கடைசி அசையில்தான் விழும். அதனால் 'னியா', 'கியா' என்று முடியும் இரண்டு பெயர்களைப் பள்ளி மைதானத்தில் கூப்பிட்டால் காதில் விழுவது 'யா' மட்டுமே. இரண்டு பேரும் திரும்புவார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருமே திரும்ப மாட்டார்கள்.

ஆக, முதல் எழுத்து வேறாக இருக்கட்டும். கடைசி உயிரோசை வேறாக இருக்கட்டும். முடிந்தால் ஒன்று இரண்டு அசை, மற்றது மூன்று அசை. ஒட்டுதலை ஓசையில் தேடாமல் பொருளில் தேடுங்கள்: கயல், நிலா என்றால் ஒன்று நீர், ஒன்று வானம். சேர்த்துச் சொன்னால் ஜோடி தெரியும், தனியாகச் சொன்னால் குழப்பம் இல்லை.

3. தமிழில் தேர்ந்தெடுத்த பெயரைப் பிரெஞ்சு வாயில் போட்டுப் பாருங்கள்

நம் காதுக்குத் தெளிவாக வேறாக இருக்கும் பெயர்கள் இங்கே ஒன்றாகிவிடும். நான் கண்டவரை அதிகம் மாட்ட வைப்பவை இவை.

'ஹ' காணாமல் போகும். பிரெஞ்சில் H ஒலிக்காது. ஹேமா 'ஏமா' ஆவாள், ஹரிணி 'அரிணி' ஆவாள். வீட்டில் அருணாவும் ஹரிணியும் இருந்தால் இரண்டும் 'அ'வில் தொடங்கும் பெயர்களாகத்தான் காதில் விழும்.

'ன்' என்று முடியும் ஆண் பெயர்கள் மூக்கோசையில் கரையும். முகிலன், நிலன், கவின், அருண் என்று எழுதினால் கடைசி 'ன்' தனியாகக் கேட்காது. நிலா என்று ஒரு மகளும் நிலன் என்று ஒரு மகனும் இருந்தால் இரண்டுக்கும் இடையே மிஞ்சுவது ஒரு மூக்கோசை மட்டும்.

'ஷ', 'ஜ' இரண்டும் கிரியோலில் மாறும். தீவில் பேசும் கிரியோலில் 'ஷ' பெரும்பாலும் 'ஸ' ஆகும், 'ஜ' மென்மையான 'Z' ஆகும். நிஷா, நிசா இரண்டும் பக்கத்து வீட்டு ஆயாவின் வாயில் ஒன்றுதான்.

ல, ள, ழ என்ற வேறுபாடு பதிவேட்டில் இருக்காது. அங்கே ரோமன் எழுத்து மட்டும்தான். ழவை zh என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் Z ஆகப் படிப்பார். கயல்விழி, கனிமொழி என்று வைத்தால் இரண்டும் K-இல் தொடங்கி 'ஸி' போல முடியும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே நம் ஒழுகரையை Oulgaret என்று எழுதினார்கள், ழவுக்கு L. நீங்களும் அப்படி L போட்டால் வாசிப்பு தமிழுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

'உ' வேண்டும் என்றால் ou போடுங்கள். Uma என்று எழுதினால் 'யூ'வுக்கும் 'ஈ'க்கும் நடுவே ஒரு ஓசை வரும். Ouma என்றால் உமா. நெடில் காட்ட மேலே கோடு போட்ட ā போன்ற எழுத்துகளைப் பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள். é, è, ï போன்ற பிரெஞ்சுக் குறிகளுக்கு மட்டும் இடமுண்டு.

இன்னொன்று, இந்தியாவில் படித்து வந்தவர்களுக்கே உரியது. போனில் பெயரை எழுத்துக்கூட்டும்போது நம் வாயில் ஆங்கிலம்தான் வரும். பிரெஞ்சில் G-யின் பெயர் 'ஜே', J-யின் பெயர் 'ஜி'. ஆங்கிலத்துக்கு நேர் தலைகீழ். நாம் 'ஈ' என்று E-ஐச் சொன்னால் அவர்கள் I என்று எழுதுவார்கள். கௌரி, ஜெயா என்றோ, எழில், இனியா என்றோ ஜோடி வைத்தால் ஒவ்வொரு போனிலும் இந்தத் தகராறு வரும். மருந்துக்கடை, பள்ளி, குடும்ப உதவித்தொகை தரும் காஃப் அலுவலகம் எங்கேயும் விடாது.

பொருளையும் ஒரு முறை உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள். கொன்றை அருமையான பெயர், ஆனால் அதன் முதல் அசை பிரெஞ்சில் ஒரு வசை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை படும் பாட்டை யோசியுங்கள்.

4. ஒரு ஜோடியை முழுக்கச் சோதித்துப் பார்ப்போம்

எங்கள் கதையையே எடுத்துக்கொள்கிறேன். மாமியார் சொன்னது இனியா, இலக்கியா. ரோமனில் Iniya, Ilakiya. முதல் எழுத்து ஒன்று, முடிவு ஒன்று. போதாததற்கு Inaya என்ற பெயரைத் தீவில் நிறையவே கேட்கலாம், வகுப்பில் ஒருத்தி இருந்தாலே மூன்றாவது குழப்பம். இது தள்ளுபடி.

அடுத்து இனியா, எழில். முடிவு 'யா', 'ல்'. கேட்க நன்றாகப் பிரிகிறது. ஆனால் I, E தகராறு. என் கணவர் தன் அலுவலகத்துக்குப் போன் போட்டு இரண்டையும் எழுதச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் இரண்டையுமே I-இல் தொடங்கி எழுதியிருந்தார்கள்.

கடைசியில் அமுதா, எழில். அ, எ இரண்டுமே கார்த்திகைக்கு உரியவை. Amouda, Élil என்று எழுதினோம். முதல் எழுத்து வேறு, மூன்று அசைக்கு இரண்டு அசை, 'தா'வுக்கு 'ல்'. E-க்கு மேலே குறி போட்டது வேண்டுமென்றேதான். குறி இல்லாவிட்டால் 'ஒலில்' போல ஒரு ஓசை வருகிறது. சில கணினிகள் பெரிய எழுத்தில் குறியை விழுங்கிவிடுகின்றன, ஆனால் மூலப் பதிவில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம்.

சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். தமிழ் தெரியாத ஒருவரிடம் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்து, சமையலறையில் நின்றுகொண்டு கூடத்தைப் பார்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். எதைக் கூப்பிட்டார் என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்ல வேண்டும். பிறகு வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயருக்கும் அதே சோதனை. முழுப் பெயர் வேறாக இருந்து சுருக்கம் 'அம்மு', 'அப்பு' என்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

மூத்த பிள்ளை ஏற்கெனவே இருந்தால் இதே சோதனையை அதன் பெயரோடும் செய்யுங்கள். பிறந்த தேதி வேறு என்பதால் காகிதக் குழப்பம் குறைவு, கூப்பிடும் குழப்பம் அப்படியேதான்.

5. பெயர்களின் வரிசையும் காற்புள்ளியும்

பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பல பெயர்கள் வைக்கலாம். பதிவில் அவை காற்புள்ளியால் பிரிக்கப்படும். ஆஸ்பத்திரிக் கணினி அடையாளத்துக்குப் பிடித்துக்கொள்வது முதல் பெயரை. ஆகவே இருவரையும் பிரித்துக் காட்டும் பெயர் முதலில் வர வேண்டும்.

இங்கே நம்மவர்கள் விழும் குழி 'ஸ்ரீ'. Sri, Kayal என்றும் Sri, Nila என்றும் காற்புள்ளியோடு எழுதிவிட்டால் கணினிக்கு இரண்டு பேரும் Sri. அதே தேதி, அதே ஊர், அதே பெயர். ஸ்ரீ வேண்டும் என்றால் பின்னால் ஒட்டுங்கள், அல்லது இரண்டாம் பெயராக வையுங்கள். Kayal-Vili என்று இணைப்புக்கோடு போட்டால் அது ஒரே பெயர், காற்புள்ளி போட்டால் இரண்டு பெயர். எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பெரியவர்கள் ஆசைப்பட்ட பெயருக்கு இரண்டாம் இடம் நல்ல இடம். எங்கள் பதிவில் Amouda, Iniya என்றும் Élil, Ilakiya என்றும் இருக்கிறது. மாமியாருக்கும் திருப்தி. பதிவில் இருக்கும் எந்தப் பெயரையும் புழங்கும் பெயராக வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, பிள்ளை வளர்ந்து மாற்றிக்கொள்ள நினைத்தாலும் வழி உண்டு.

இனிஷியல் இங்கே கைகொடுக்காது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான். அப்பா பெயரா, அம்மா பெயரா, இரண்டுமா என்று முதல் பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்தது மற்றவர்களுக்கும் தொடரும்.

6. ஐந்து நாளை எண்ணுவது, எடுத்துப் போவது

பிறந்த நாளை எண்ண வேண்டாம். புதன் பிறந்தால் வியாழன் ஒன்று, திங்கள் ஐந்து. ஐந்தாம் நாள் சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் அடுத்த வேலைநாள் வரை நேரம் கிடைக்கும். டிசம்பர் 20 தீவு முழுக்க விடுமுறை, அதையும் பாருங்கள்.

போக வேண்டியது குடியிருக்கும் ஊர் மேரிக்கு அல்ல, பிறந்த ஊர் மேரிக்கு. சேன்தாந்த்ரேயில் குடியிருந்து சேன் தெனி ஆஸ்பத்திரியில் பெற்றால் சேன் தெனி மேரிதான். சில ஆஸ்பத்திரிகளில் மேரி ஆளே வந்து பதிவார், அட்மிட் ஆகும்போதே கேட்டு வையுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவச்சி தந்த பிரசவச் சான்று, பெற்றோரின் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, குடும்பப் புத்தகம் இருந்தால் அது, குடும்பப் பெயர்த் தேர்வுக் கடிதம் எழுதியிருந்தால் அது. திருமணம் இந்தியாவில் நடந்திருந்தால் சான்றையும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் பிரசவத்துக்கு முன்பே தயார் செய்யுங்கள், ஐந்து நாளில் அது நடக்காது. திருமணம் ஆகாதவர்களாக இருந்தால் அப்பா தனியாகப் பிள்ளையை ஏற்றுப் பதிய வேண்டும், அதைப் பிறப்புக்கு முன்பே செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிறகு எடுக்கும் நகல்களும் இலவசம். காசு கேட்டு வரும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

ஐந்து நாள் தவறினால் மேரி நேரடியாகப் பதியாது, நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். பெயர் சூட்டு விழா பதினாறாம் நாளே நடக்கட்டும், ஆனால் காகிதப் பெயரை அதற்குக் காக்க வைக்காதீர்கள்.

7. கையெழுத்துப் போடும் முன்

இருவருக்கும் தனித்தனிப் பதிவு, ஒவ்வொன்றிலும் பிறந்த நேரம் இருக்கும். "முதலில் பிறப்பவள் அமுதா" என்று பிரசவத்துக்கு முன்பே இருவரும் பேசி, பையில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பிறந்தவுடன் மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் நேரத்தையும் பெயரையும் போட்டோ எடுங்கள். மேரியில் பதிவை வாசிக்கத் தருவார்கள். நேரத்தையும் பெயரையும் போட்டோவோடு ஒப்பிடுங்கள். பிறகு எழுத்தெழுத்தாக: ou, காற்புள்ளி, E மேல் குறி. பெயர்களைத் தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தால் வாயால் எழுத்துக்கூட்டும் வம்பே இல்லை.

அங்கேயே திருத்தினால் ஒரு நிமிடம். வெறும் எழுத்துப் பிழை என்றால் பின்னாலும் மேரியிலேயே இலவசமாகத் திருத்தலாம். பெயரையே மாற்ற வேண்டும் என்றால் மேரியில் மனுப் போட்டு நியாயமான காரணம் காட்ட வேண்டும், மனு அரசு வழக்கறிஞரிடம் போகவும் கூடும். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும்.

அப்புறம் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர்கள், சேன் தெனியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதியுங்கள். அங்கே கொடுக்கும் எழுத்துக்கூட்டும் மேரிப் பதிவில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கட்டும். Amouda இங்கே, Amudha அங்கே என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆள். இரட்டைக்கு நான்கு.